பீடி நிண்ட பிறகு குளோசபின் ஏன் கூடிச்சுது: வாட்டுக்கு ஒரு நடைமுறை

கேள்வி: நான் வன்னியில ஒரு மனநல வாட்டில வேலை செய்யிற தாதி. எங்கட வாட்டில இனி பீடி சிகரெட் இல்லை எண்டு போன மாசம் முடிவெடுத்தனாங்கள். 44 வயசு ஐயா ஒராள், கனகாலமா குளோசபின் எண்ட மனநோய் மருந்து 400 மில்லிகிராம் எடுக்கிறவர், ஒரு நாளைக்கு 25 பீடி மட்டில பத்துவார். நிக்கோடின் பற்ச் போட்டு நிப்பாட்டினம், முதல் கிழமை கரைச்சல் இல்லை. பதினோராம் நாள் வாயால எச்சில் ஓட, நாக்கு குழற, நடக்கேலாமல் தள்ளாடினார். டொக்டர் அண்டிரவு மாத்திரையை நிப்பாட்டி, பிறகு 300ஆக் குறைச்சார், மூண்டு நாளில தெளிஞ்சிட்டார். பீடி நிண்டதாலதான் இப்பிடி எண்டு சொன்னார். பற்ச் போட்டனாங்கள்தானே, பிறகெப்பிடி? அவர் அடுத்த கிழமை வீட்ட போகப்போறார். வாட்டில நாங்கள் என்ன ஒழுங்கு வச்சிருக்கோணும் எண்டு விளங்கிற மாதிரி எழுதுவீங்களா?

பதில்:

தங்கச்சி, உங்கட டொக்டர் சொன்னது சரி. பற்ச் போட்டதும் சரி. ஆனா அந்த ரெண்டுக்கும் ஒரு தொடுசலும் இல்லை, அங்கதான் கனபேர் பிழை விடுறது, அதை முதல்ல சொல்லீட்டு ஒழுங்குக்கு வாறன்.

குளோசபினை உடைச்சு வெளியேத்திறது ஈரலில இருக்கிற ஒரு நொதியம், சிப் வன்-ஏ-ரூ எண்டு சொல்லுவினம். புகையிலை எரியேக்க வாற தாரில சில பொருள்கள் இருக்கு, அதுகள் உடம்புக்குள்ள போகப்போக ஈரல் இந்த நொதியத்தை வழமையை விடக் கனக்கச் செய்யத் தொடங்கும். அப்ப பீடி பத்திற ஆளின்ர உடம்பில குளோசபின் கெதியாக் கரைஞ்சு போகும். உங்கட ஐயாவுக்கு 400 தேவைப்பட்டதே அதாலதான், அந்த 400இல ஒரு பங்கை ஒவ்வொரு நாளும் பீடிப்புகை தின்னுகொண்டிருந்தது. பீடி நிண்டா அந்தக் கூடுதல் நொதியம் ரெண்டு நாளைக்குள்ள பாதியாக் குறையும், ஒரு கிழமை மட்டில சாதாரண ஆளின்ர அளவுக்கு வந்திடும். மாத்திரை அதே 400, உடைக்கிற வேகம் மட்டும் குறைஞ்சிட்டுது, அப்ப ரத்தத்தில மருந்து ஏறும். சிலருக்கு அரைவாசி கூடும், சிலருக்கு ரெட்டிப்பாகவும் போகும். முதல் கிழமை ஒண்டும் தெரியாமல் பதினோராம் நாள் விழுந்தது இதாலதான், மெல்லமெல்ல ஏறினது அண்டைக்குத்தான் வெளியில தெரிஞ்சிருக்கு.

இந்த வேலையைச் செய்யிறது புகை, நிக்கோடின் இல்லை. பற்ச்சில வாறது நிக்கோடின் மட்டும், அது ஈரலில இந்த நொதியத்தைக் கூட்டாது. பற்ச் அவற்ற அந்தரத்தையும் எரிச்சலையும் அடக்கினது, அதுதான் அதுக்குக் குடுத்த வேலை. பற்ச் போட்ட ஆளையும் குளோசபின் கணக்கில புகையை விட்ட ஆளாத்தான் எடுக்கோணும்.

எங்கட பக்கத்துக்கு இதில இன்னொரு விசயம் இருக்கு, வெளியில எழுதிற வழிகாட்டிகளில இது பெரிசா வராது. வெத்திலையோட புகையிலை சப்பிறதில எரியிற புகை இல்லை, அதால நொதியம் கூடாது. சும்மா சப்பிற அம்மா ஒராள் வாட்டுக்கு வந்து புகையிலையை விட்டா அவவுக்கு நிக்கோடின் அந்தரம் வரும், குளோசபின் அளவு அதால மாறாது, குறைக்கத் தேவையில்லை. அதே நேரம் பீடியை விட்டிட்டு வெத்திலை புகையிலைக்கு மாறின ஐயா, வாயில புகையிலை இருக்கிறபடியால விடேல்ல எண்டு நீங்கள் நினைப்பியள், அவற்ற ஈரலுக்கு அவர் விட்டிட்டார், மருந்து ஏறும். சுருட்டு, சிகரெட், பீடி, கஞ்சாச் சுருள் எல்லாம் எரியிறதுகள், ஒரே கணக்கு. ஆகவே அனுமதிக்கிற அண்டைக்கு “புகையிலை பாவிப்பாரா, ஓம் அல்லது இல்லை” எண்ட ஒரு கேள்வி காணாது. என்ன, எரிக்கிறதா சப்பிறதா, ஒரு நாளைக்கு எத்தினை, காலமை எழும்பி எவ்வளவு நேரத்தில முதல் பீடி, கடைசியாப் பத்தினது எப்ப. இந்த அஞ்சையும் ரிக்கெற்றில மருந்துப் பேர்கள் எழுதிற இடத்திலயே எழுதுங்கோ. “பழக்கவழக்கம்” எண்ட மூலைக்குள்ள எழுதினா மருந்து எழுதிற டொக்டரின்ர கண்ணில படாது. என்னைக் கேட்டா பீடியும் அவர் எடுக்கிற ஒரு மருந்து, மற்ற மருந்தோட சண்டை பிடிக்கிற மருந்து.

எத்தினை எண்டு கேக்கிறதுக்கும் காரணம் இருக்கு. ஒரு நாளைக்கு ஏழில இருந்து பன்ரண்டு சிகரெட் வரை பத்தினாலே அந்த நொதியம் கூடக்கூடிய அளவு கூடி முடிஞ்சுது எண்டு சொல்லலாம். அப்ப 30 பத்தினவர் 15 ஆக்கினா குளோசபின் அளவு பெரிசா மாறாது. 15 பத்தினவர் ரெண்டுக்கு வந்தா மாறும். பீடியில புகையிலை குறைவு, ஆனா இழுக்கிற விதமும் தடவையும் ஆளுக்காள் வேற, அதால ஒரு பீடி இத்தினை சிகரெட்டுக்குச் சமன் எண்டு கணக்குப் பாக்க நான் போறேல்ல. பத்துக்கு மேல பத்திற ஆளெண்டா முழுத் தாக்கமும் இருக்கெண்டு எடுத்துக்கொண்டு வேலை செய்யுங்கோ.

இனி ஒழுங்கு. உங்கட ஐயாவையே உதாரணமா வச்சு, முதல் நாளில இருந்து எப்பிடிப் போயிருக்கோணும் எண்டு எழுதிறன், அடுத்த ஆளுக்கு அப்பிடியே பாவிக்கலாம். அளவை மாத்திறது டொக்டரின்ர எழுத்தில மட்டும்தான் எண்டதை இதோட சேர்த்தே வாசியுங்கோ, தாதிமார் தாங்களாக் குறைக்கிற விசயம் இல்லை, நீங்கள் கேட்டு எழுதுவிக்கிற விசயம்.

அவர் காலமை 100, ராவு 300 எடுக்கிறவர் எண்டு வச்சுக்கொள்ளுவம். பீடி நிக்கிற நாளை ஒண்டு எண்டு எண்ணுங்கோ. ரத்தத்தில குளோசபின் அளவு பாக்கிற வசதி இருந்தா நிப்பாட்ட முதல் ஒருக்கா, நிப்பாட்டி ஒரு கிழமையில ஒருக்கா எடுப்பிக்கோணும். வசதி இல்லாத இடத்தில கண்ணும் காதும்தான் கருவி, அதைப் பிறகு சொல்லுறன். பொதுவா எடுக்கிற வழி, ஒரு கிழமைக்குள்ள மொத்த அளவில காவாசியைக் குறைக்கிறது, 400 எண்டா 300. ஒரேயடியா வெட்டாமல் 25 மில்லிகிராம் மாத்திரையால படிப்படியா இறக்கலாம். ரெண்டாம் நாள் 375, நாலாம் நாள் 350, ஆறாம் நாள் 325, எட்டாம் நாள் 300. குறைக்கிறதை காலமை அளவில குறைச்சா நல்லம், ஏனெண்டா பகல் தூக்கமும் தள்ளாட்டமும்தான் முதல்ல ஆளை விழுத்தும், காலமை 100 இப்பிடி நாலு படியில இல்லாமல் போக ராவு 300 அப்பிடியே நிக்கும். இந்தக் காவாசி ஒரு தொடக்கம்தான். சிலருக்கு இன்னும் இறக்கவேண்டி வரும், சிலருக்கு அவ்வளவு தேவைப்படாது, அதைச் சொல்லுறது அடுத்த ரெண்டு கிழமையில நீங்கள் எழுதிற குறிப்புத்தான்.

அந்த ரெண்டு கிழமையும் பாக்கிறதுக்கு பெரிய மெசின் ஒண்டும் வேண்டாம். காலமை டியூட்டி மாறேக்க தலாணியைத் தொட்டுப் பாருங்கோ, ஈரமா, நேற்றையை விடக் கூடவா. எழும்பி நிண்டு சாரத்தைத் தானா முடிஞ்சு கட்டுறாரா எண்டு பாருங்கோ. கட்டில்ல இருந்து கதவடிக்கு ஒருக்கா நடக்கவிட்டு கால் அகட்டி வைக்கிறாரா, சுவரைப் பிடிக்கிறாரா எண்டு பாருங்கோ. பேரையும் ஊரையும் சொல்லச்சொல்லி நாக்கு தடிச்சுப் போச்சோ எண்டு கேளுங்கோ. நாடித்துடிப்பும், படுத்திருக்கேக்க ஒருக்கா எழும்பி நிண்டு ஒருக்கா பிறசரும் எடுங்கோ. அதோட கக்கூசுக்குப் போனவரா எண்டதை ஒவ்வொரு நாளும் கேட்டு எழுதுங்கோ, வெக்கப்படாமல். குளோசபினால குடல் நிண்டுபோய் ஆக்கள் செத்திருக்கினம், அளவு ஏறேக்க அந்த ஆபத்தும் ஏறும். மூண்டு நாள் போகேல்ல, வயிறு ஊதியிருக்கு எண்டா அண்டைக்கே டொக்டருக்குச் சொல்லோணும், அடுத்த ரவுண்ட் வரைக்கும் வச்சிருக்கக் கூடாது.

ஒண்டை மட்டும் தனியாச் சொல்லோணும். பின்னேரம் பிளேன்ரீ குடுக்கேக்க அவற்ற கையைப் பாருங்கோ. கோப்பையைப் பிடிச்சிருக்கிற கை திடீரெண்டு ஒரு வெட்டு வெட்டும், தேத்தண்ணி சாரத்தில சிந்தும், அவர் ஒண்டும் நடக்காத மாதிரி திரும்பப் பிடிப்பார். இது கை நடுக்கம் இல்லை. நடுக்கம் தொடர்ந்து இருக்கும், இது மின்னல் மாதிரி ஒருக்கா வந்து போகும், சில வேளை முழங்கால் மடிஞ்சு சட்டெண்டு இருந்திடுவார். வலிப்புக்கு முதல் வாற அடையாளம் இது. கண்டா அடுத்த மாத்திரையைக் குடுக்க முதல் டொக்டரைக் கூப்பிடுங்கோ.

நான் இதைப் படிச்சது ஒரு பிழையில இருந்துதான். கன வருசத்துக்கு முதல் நான் வேலை செய்த ஒரு வாட்டில, சத்தம் போட்டுக்கொண்டு வந்த பெடியன் ஒராள், நாளைக்கு ரெண்டு பக்கற் சிகரெட். வாட்டில சிகரெட் இல்லை. எட்டு ஒன்பது நாளில “நோயாளி அமைதியாக உள்ளார், நன்றாக நித்திரை” எண்டு ரிக்கெற்றில எழுதியிருந்தது, நானும் ரவுண்டில அதை வாசிச்சிட்டு சந்தோசமா கையெழுத்து வச்சனான். உண்மையில அவர் மருந்தேறி மயங்கிக் கிடந்தார். அடுத்த நாள் சாப்பாட்டு நேரம் வலிப்பு வந்து சோறு புரைக்கேறி நியூமோனியா வரைக்கும் போய்த் தப்பினவர். அதுக்குப் பிறகு பீடி நிப்பாட்டின ஆளுக்கு “அமைதி” எண்டு எழுதியிருந்தா நான் கட்டிலடிக்குப் போய் எழுப்பிக் கதைச்சுப் பாக்காமல் வரமாட்டன். எச்சில் ஓடுற ஆளை நிமித்தி இருத்திச் சாப்பாடு குடுக்கோணும், படுக்கேக்க பக்கவாட்டில படுக்க விடோணும், இதையும் உங்கட ஒழுங்கில எழுதுங்கோ.

நாள்க் கணக்கும் உதவி செய்யும். முதல் மூண்டு நாலு நாளில அந்தரம், எரிச்சல், நித்திரை இல்லை, பசி, மற்ற ஆக்களோட கொளுவல் எண்டா அது பெரும்பாலும் நிக்கோடின் அந்தரம், ரெண்டாம் மூண்டாம் நாள் உச்சத்தில நிண்டு ரெண்டு மூண்டு கிழமையில தணியும். இதை நோய் திரும்புது எண்டு நினைச்சு குளோசபினைக் கூட்டினா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ, இறங்கவேண்டிய மருந்தை ஏத்தி விடுறம், ஈரலும் அதே கிழமை மெதுவாகுது. இது உண்மையில நடக்கிற பிழை. அப்பிடி ஆள் கொதிச்சா முதல்ல பற்ச் ஒட்டியிருக்கா, காணுமா எண்டு பாருங்கோ. ஒரு கிழமைக்குப் பிறகு ஆள் சோர்ந்து போறார் எண்டா அது மருந்து ஏறினது எண்டு முதல்ல நினையுங்கோ. இதுக்கிடையில காய்ச்சல் வந்தா ரெட்டைக் கவனம். கிருமித்தொற்று வந்தாலும் அதே நொதியம் படுத்திடும், குளோசபின் ஏறும், அதோட குளோசபினால வெள்ளையணு குறைஞ்சதாலயும் காய்ச்சல் வரலாம், ஆகவே குளோசபின் ஆளுக்குக் காய்ச்சல் எண்டா உடன ரத்தம் சோதிக்கோணும்.

தேத்தண்ணியும் இதுக்குள்ள வருது. தேயிலை, கோப்பியில இருக்கிற கபேனையும் அதே நொதியம்தான் உடைக்கிறது. பீடி நிண்ட ஆளுக்கு அதே ஆறு பிளேன்ரீ பத்துப் பன்ரண்டு குடிச்ச மாதிரி ஏறி நெஞ்சுப் படபடப்பும் நித்திரையின்மையும் வரும், அதோட கபேன் அந்த நொதியத்தைப் பிடிச்சு வச்சு குளோசபினையும் கொஞ்சம் கூட்டும். பீடி இல்லாத வாயைச் சமாளிக்க பிளேன்ரீயை அள்ளிக் குடுக்கிற பழக்கம் எங்கட வாட்டுகளில இருக்கு, அதை மாத்தி வழமையான அளவில பாதியாக்குங்கோ, மிச்சத்துக்கு மல்லித்தண்ணி குடுங்கோ.

பற்ச் விசயத்தில நான் காணுற பிழை, காணாமல் குடுக்கிறதும் பிந்திக் குடுக்கிறதும். பத்துக்கு மேல பத்தினவருக்கு 24 மணித்தியாலத்துக்குரிய 21 மில்லிகிராம் பற்ச் வேணும், வந்த அண்டைக்கே, முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ள. எழும்பி அரை மணித்தியாலத்துக்குள்ள முதல் பீடி தேடுற ஆளுக்கு பற்ச் தனியக் காணாது, கூட 4 மில்லிகிராம் சப்பிற கம்மும் தேவைப்படும், மற்றவைக்கு 2. வன்னி வெக்கையில மயிரடர்ந்த கையில, வேர்வைக்கு மேல ஒட்டினா பின்னேரம் அது கட்டில் சட்டத்தில ஒட்டியிருக்கும். மேல்கையில மயிர் இல்லாத இடமாத் துடைச்சுக் காயவிட்டு ஒட்டி, பத்து செக்கன் அமத்திப் பிடியுங்கோ, கழண்டா பிளாஸ்டர் போடுங்கோ, ஒவ்வொரு நாளும் இடம் மாத்துங்கோ. கெட்ட கனவு வந்தா படுக்கேக்க கழட்டலாம். கழட்டினதை ஒட்டுற பக்கம் உள்ளுக்கு மடிச்சுப் போடோணும், அதில இன்னும் நிக்கோடின் இருக்கு. கம்மை வெத்திலை மாதிரிச் சப்பிற ஆக்கள் இருக்கினம், சாறை விழுங்கினா விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம், பிறகு “உது எனக்குச் சரிவராது” எண்டு விட்டிடுவினம். நாலைஞ்சு தரம் மெல்லச் சப்பி, விறுவிறுத்தோட கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கோ, விறுவிறுப்பு போனா திரும்பச் சப்பி அடுத்த பக்கம். கால் மணித்தியாலத்துக்கு முதல் தேத்தண்ணி குடிச்சிருந்தா வாயில ஊறாது.

பீடியை விட உதவிற மாத்திரைகளைப் பற்றியும் கேப்பினம். புப்ரோப்பியோன் வலிப்பை வரப்பண்ணக்கூடிய மருந்து, குளோசபினும் அப்பிடித்தான், ரெண்டையும் சேர்க்கிறதை நான் விரும்பேல்ல. வரெனிக்லினை மனநோய் உள்ளவைக்குக் குடுக்கக்கூடாது எண்ட பயம் கனகாலம் இருந்தது. 2016இல வந்த ஈகிள்ஸ் எண்ட பெரிய ஆய்வில எண்ணாயிரத்துக்கு மேல ஆக்கள், அதில அரைவாசி மட்டில மனநோய் உள்ளவை, அவையிலயும் பற்ச்சோட, மருந்தில்லாத வெறும் மாத்திரையோட ஒப்பிட மனநிலைப் பிரச்சினை குறிப்பிடத்தக்க மாதிரிக் கூடேல்ல, விட்ட ஆக்கள் வரெனிக்லினிலதான் கூட. நோய் அடங்கி நிலையா இருக்கிற ஆளுக்கு அது கிடைச்சா, டொக்டர் தீர்மானிச்சா, 12 கிழமைக்குக் குடுக்கலாம். அதுவும் குளோசபின் கணக்கை மாத்தாது, புகை நிண்டது மாத்தும்.

வேற மருந்து எடுக்கிறவைக்குச் சுருக்கமாச் சொல்லுறன். ஒலன்சபினும் இதே கதைதான், கொஞ்சம் மென்மையா, அதிலயும் காவாசி குறைக்க யோசிக்கலாம். ஹலோபெரிடோல், புளுபெனசின் ஊசி கொஞ்சம் ஏறும், விறைப்பும் இருப்புக்கொள்ளாமையும் வருதா பாக்கோணும். ரிஸ்பெரிடோனுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை.

இனி வாட்டின்ர நடப்பு. எங்கட வாட்டுகளில பீடி கன காலமா ஒரு காசு மாதிரி ஓடினது, முத்தம் கூட்டினா ரெண்டு பீடி, மருந்து குடிச்சா ஒண்டு, சத்தம் போடாட்டி ஒண்டு. அதை நிப்பாட்டாமல் புகை இல்லாத வாட் எண்டு பலகை போட்டா குளோசபின் அளவை ஒருத்தராலயும் பிடிக்கேலாது, ஒரு கிழமை பத்து, அடுத்த கிழமை ஒண்டு, மருந்து ஏறி இறங்கிக்கொண்டு இருக்கும். வேலையாக்கள் பின்பக்கம் நிண்டு பத்தி அந்த மணத்தோட வாட்டுக்குள்ள வாறதையும் நிப்பாட்டோணும். நோயாளி ஒளிச்சுப் பத்தினது தெரிஞ்சா தயவு செய்து ஏசாதேங்கோ, பின்னேரத் தேத்தண்ணியை வெட்டாதேங்கோ. ஏசினா நாளைக்கும் ஒளிப்பார், நீங்கள் பூச்சியம் எண்டு எழுதுவியள், டொக்டர் பூச்சியத்துக்குக் கணக்குப் பாத்து மருந்தை இறக்குவார். “ஐயா நேற்று எத்தினை பத்தினியள், மருந்துக் கணக்குக்குத்தான் கேக்கிறன்” எண்டு கேட்டா கனபேர் சொல்லுவினம். ஒண்டோ ரெண்டோ வழுக்கினதுக்கு அளவை மாத்தத் தேவையில்லை, ஒவ்வொரு நாளும் பத்துக்கு மேல எண்டா மாத்தவேண்டி வரும்.

உங்கட ஐயா அடுத்த கிழமை போறார் எண்டதுதான் எனக்கு இப்பக் கூடின யோசனை. வாட்டில அவர் 300இல நல்லா இருக்கிறார். பஸ் ஸ்ராண்டில பெட்டிக்கடை இருக்கு, கூடக் கூட்டிக்கொண்டு போக வாற தமையன் பீடி பத்துறவரா இருந்தா கதை அங்கயே முடிஞ்சுது. திரும்ப 25 பீடிக்குப் போனா ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள நொதியம் பழையபடி கூடும், 300 அவருக்குக் காணாது, ஆனா நோய் அண்டைக்கே திரும்பாது. மூண்டு நாலு கிழமை கழிச்சு நித்திரை குழம்பி, தனியக் கதைச்சு, வயலுக்குப் போகமாட்டன் எண்டு நிப்பார், அப்ப எல்லாரும் “மருந்து குடிக்கேல்லப் போல” எண்டு அவரைப் பேசுவினம், அவர் ஒழுங்காக் குடிச்சிருப்பார். எனக்கு இப்பிடி வந்தவை ஒண்டு ரெண்டு பேர் இல்லை.

அதால போக முதல் வீட்டுக்காரரை இருத்திக் கதையுங்கோ, முக்கியமா ஆர் மருந்து எடுத்துக் குடுக்கிறவையோ அவையை. திரும்பப் பத்தத் தொடங்கினா மறைக்கவேண்டாம், அந்தக் கிழமையே கிளினிக்குக்கு வாங்கோ, கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அப்ப டொக்டர் ஒரு கிழமை எடுத்து பழைய அளவுக்கு ஏத்துவார். வீட்டில கிடக்கிற பழைய 400 சீட்டைப் பாத்து தாங்களா ஏத்தக் கூடாது, அதைச் சொல்லி பழைய மாத்திரைப் பொட்டலங்களைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வையுங்கோ. மறுபக்கமா, ரெண்டு நாளுக்கு மேல, அதாவது 48 மணித்தியாலத்துக்கு மேல குளோசபின் விடுபட்டா 300ஐத் திரும்ப முழுசா விழுங்கக் கூடாது, 12.5இல இருந்து தொடங்கவேண்டி வரும், பிறசர் விழுந்து மயங்கிப் போவார். மழைக்கு றோட்டு மூடுற மாதங்களில இது எங்கட உள்ளூர்களுக்கு நடக்கிற விசயம், கையில கூட ஒரு கிழமை மருந்து இருக்கிற மாதிரிக் குடுப்பியுங்கோ, ரத்தச் சோதினைத் திகதியோட பொருந்த.

பற்ச்சும் வாட் வாசலோட முடியக்கூடாது, மொத்தம் எட்டில இருந்து பன்ரண்டு கிழமை, 21இல இருந்து 14, 7 எண்டு இறங்கோணும். கிடைக்காட்டி குறைஞ்சது காலமை எழும்பின முதல் மணித்தியாலத்துக்கும் சாப்பாட்டுக்குப் பிறகும் என்ன செய்யப்போறார் எண்டதை அவரோடயே கேட்டு எழுதுங்கோ, பீடி அந்த நேரங்களிலதான் திரும்ப வரும்.

கிளினிக் கொப்பியில முன்பக்கத்தில, மருந்துக்கு நேர, சிவப்புப் பேனையால டொக்டரிட்ட இப்பிடி எழுதுவியுங்கோ: “குளோசபின் 300 மி.கி. – பீடி இல்லாத அளவு. முந்தி நாளுக்கு 25 பீடியோட 400 மி.கி. பீடி நிண்ட திகதி இது.” முதல் கிளினிக் ஒரு கிழமையில, அடுத்தது இன்னும் ஒரு கிழமையில, அதுக்குப் பிறகு வழமைப்படி. ஒவ்வொரு தரமும் நிறை எடுக்க முதல் கேக்கிற கேள்வி, போன தரம் வந்ததில இருந்து எத்தினை பீடி எண்டதாத்தான் இருக்கோணும், பதிலை அந்தச் சிவப்பு வரிக்குக் கீழ திகதி போட்டு எழுதுங்கோ. நாளைக்கு அவர் கால் முறிஞ்சு வேற ஆஸ்பத்திரியின்ர சத்திரசிகிச்சை வாட்டில பீடி இல்லாமல் ரெண்டு கிழமை படுத்திருந்தாலும் அந்தக் கொப்பியைத் திறக்கிற ஆளுக்கு இது விளங்கும்.